இறுதிப் பதினாறு பக்கங்கள்

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் கல்லூரி திறந்ததும் மாணவர் கையில் பாடநூற் பட்டியலை அளிப்பது நம் வழக்கம். பட்டியல் சென்ற மறுநாளே வகுப்பில் இரு குரல்கள் எழும். "ஐயா, இந்த நூல் எந்தக் கடையிலும் இல்லை" என்பது முதற் குரல். "என் கைப்பேசியில் இருக்கிறது ஐயா, அனைவருக்கும் அனுப்பிவிடட்டுமா?" என்பது இரண்டாங் குரல். இவ்விரு குரல்களுக்கும் இடையே ஆசிரியர் செய்ய வேண்டிய சிறிய வேலை ஒன்று உண்டு. அந்நூல் முறைப்படி நம் நாட்டில் கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே அவ்வேலை. அதனை நாம் ஒருமுறை செய்யாது விட்டோம். அதனால் நேர்ந்ததை மறைக்காமல் இம்மலரில் எழுதுவது மாணவர்க்கும் நமக்கும் நலம் பயக்கும் எனக் கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு இளங்கலை வகுப்பிற்கு ஒரு புதினம் பாடமாக வந்தது. அதனை எழுதியவர் நம் மாவட்டத்தவரே; அப்போது எழுபது அகவையைக் கடந்திருந்தார். நகரின் இரண்டு புத்தகக் கடைகளிலும் நூல் இல்லை. மாணவர் ஒருவர் எங்கிருந்தோ அதன் பி.டி.எஃப். கோப்பைக் கொண்டுவந்தார். நாமும் மகிழ்ந்து, கல்லூரி வாயிலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் 48 படிகள் எடுத்துச் சுருள்கம்பி கட்டச் செய்தோம். பருவம் முழுவதும் அப்படியை வைத்தே பாடம் நடந்தது. புதினம் திடுமென நின்றுவிடுவது கண்டு, "முடிவை வாசகனிடமே விட்டுவிடும் உத்தி" என்று இரண்டு நாள் விரிவுரையும் ஆற்றினோம். மாணவர்கள் அதனை விடைத்தாளில் எழுத, நல்ல மதிப்பெண்ணும் வழங்கினோம்.

அடுத்த பருவத்தில் இலக்கிய மன்றத் தொடக்க விழாவிற்கு அந்த எழுத்தாளரையே அழைத்திருந்தோம். உரை முடிந்ததும் மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, கடலுக்குப் போன மூத்த மகன் கரை திரும்பினானா இல்லையா என்பதைச் சொல்லாமல் விட்டது ஏன்?" என வினவினார். எழுத்தாளர் சற்றே திகைத்து, "சொல்லியிருக்கிறேனே அம்மா, கடைசி அதிகாரம் முழுவதும் அதுதானே?" என்றார். அவையில் ஓர் அமைதி பரவியது. மாணவியின் கையிலிருந்த சுருள்கம்பிப் படியை வாங்கி இறுதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அது 176-ஆம் பக்கத்தில் முடிந்திருந்தது. நூலுக்கோ பக்கங்கள் 192. அச்சகத்தில் பதினாறு பக்கங்களை ஒரு ஃபாரமாக அடித்து மடித்துத் தைப்பது வழக்கம். எவரோ ஒருவர் கடைசி ஃபாரம் கழன்றுபோன பழைய படியை வருடி இணையத்தில் ஏற்றியிருக்கிறார். பதினோரு ஃபாரங்களைப் படித்துவிட்டுப் பன்னிரண்டாவதன் இன்மையை நாம் உத்தி என்று புகழ்ந்திருக்கிறோம்.

அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கி வரும்போது நம்மிடம் மெல்ல, "பேராசிரியரே, பதிப்பகத்தை மூடியபோது மிச்சப் படிகளை என்னிடமே தந்துவிட்டார்கள். அறுபது படிகள் கட்டுப் பிரிக்காமல் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தால் நானே கொண்டுவந்திருப்பேன்" என்றார். அவர் வீடு கல்லூரியிலிருந்து பன்னிரண்டு கல் தொலைவு. நாம் தேடியது இரண்டு கடைகளில் மட்டுமே.

அன்று முதல் நூலொன்றைப் பட்டியலில் சேர்க்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி வைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். இந்நூலுக்கு நம் நாட்டில் பதிப்புரிமை இன்னும் உண்டா? உண்டெனில், உரியவர் எவர், விற்பனையில் உள்ளதா? விற்பனையில் இல்லையெனில் முறையான வேறு வழி யாது? இவற்றை ஒவ்வொன்றாக விளக்குவோம்.

முதல் வினாவிற்கு விடை காண, ஆசிரியர் மறைந்த ஆண்டைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் போதும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். முன்னர் இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 இறுதியில் பொதுவுடைமையாகும் நிலை வந்தபோது இக்காலம் 60 ஆண்டுகளாக நீட்டப்பெற்றது. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். ஆகவே இக்கணக்குப்படி உரிமைக்காலம் 2008 இறுதியோடு முடிந்துவிட்டது; இன்று அவர் கதைகளை இந்நாட்டில் எவரும் அச்சிடலாம், எவரும் படியெடுக்கலாம். தோப்பில் முஹம்மது மீரான் 2019-இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை 2079 இறுதிவரை நிற்கும். இன்று நம் வகுப்பில் இருக்கும் மாணவர்கள் பேரன் பேத்தி எடுத்த பின்னரும் அது நிற்கும் என்பதை நினைவிற் கொள்க.

இக்கணக்கிற்குச் சில விலக்குகள் உண்டு. ஆசிரியர் மறைந்த பின்னரே முதன்முதலாக அச்சேறிய கடிதங்கள், நாட்குறிப்புகள் போன்றவற்றிற்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணவேண்டும். மொழிபெயர்ப்பு தனிப் படைப்பாதலின் மொழிபெயர்ப்பாளரின் ஆயுளைக் கொண்டு தனியே கணக்கிடப்படும். மூலம் பொதுவாயினும் உரையாசிரியரின் உரையும் பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்பும் பொதுவாகிவிடா. ஒருவர் பழங்காப்பியம் ஒன்றைப் "பழையதுதானே" என்று கூறி, அண்மையில் வெளிவந்த உரைப்பதிப்பை முழுவதும் வருடி அனுப்புவாராயின், அவர் எடுத்தது புலவருடைய பொருளன்று, உரையாசிரியருடையது.

தமிழ்நாட்டிற்கு மற்றொரு நற்பேறும் வாய்த்திருக்கிறது. நூற்களை நாட்டுடைமையாக்கும் வழக்கமே அது. 1949-இல் பாரதியாரின் படைப்புரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு பெற்றதே இதற்கு முன்னோடி. பிற்காலத்தில் அறிஞர் பலருடைய குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை வழங்கி அவர்தம் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. அத்தகைய நூல்களுக்கு அறுபது ஆண்டுக் கணக்குத் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் (tamildigitallibrary.in), 1998 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்பெறும் மதுரைத் திட்டத்தின் தளத்திலும் (projectmadurai.org) மூலங்கள் கிடைக்கின்றன. திருட்டுக் கோப்பைத் தேடி அலையுமுன் இவ்விரண்டிலும் தேடிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. நாம் பார்த்தவரை, மாணவர்கள் திருட்டுப் படியாக வைத்திருந்த நூல்களுள் சில இங்கே முறைப்படி விலையின்றியே கிடைத்தன.

"நம் நாட்டில்" என்று நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பதிப்புரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆங்கிலத் துறையினர் நன்கறிந்த ஜார்ஜ் ஆர்வெலை எடுத்துக்கொள்வோம். அவர் மறைந்தது 1950 ஜனவரியில். அவருடைய '1984' என்னும் புதினம் இந்தியாவில் 2011 முதல் பொதுவுடைமை. மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் உரிமை அளிக்கும் பிரிட்டனில் அது பொதுவானது 2021-இல். அமெரிக்காவிலோ அக்காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டைக் கொண்டு 95 ஆண்டுகள் எண்ணுவர். நூல் வெளிவந்தது 1949 ஆதலின் அங்கே 2044 இறுதிவரை உரிமை உண்டு. ஒரே நூல், மூன்று நாடு, மூன்று விடை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதை 2009 ஜூலையில் உலகம் கண்டது. அமெரிக்காவில் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரண்டையும் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவிக்கு ஒரு விற்பனையாளர் மின்னூலாக ஏற்றியிருந்தார். அவற்றை அந்நாட்டில் விற்க அவருக்கு உரிமை இல்லை. வேறு சில நாடுகளில் அந்நூல்கள் அப்போதே பொதுவாகியிருந்தமை அங்கே செல்லுபடியாகவில்லை. உரிமையாளர் முறையிட்டதும், விலை கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அந்நூல்களை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பி அளித்தது. பள்ளி மாணவர் ஒருவர் கோடைக்காலப் பாடத்திற்காக நூலோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளெல்லாம் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். பின்னர் நிறுவனத் தலைவரே அச்செயல் தவறென்று வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அம்மாணவர் திருடவில்லை, காசு கொடுத்தே வாங்கினார். எனினும் விற்றவருக்கு அந்நாட்டில் உரிமை உண்டா என்பது சரிபார்க்கப்படாமையால் இழப்பு அவரைச் சேர்ந்தது. நம் 48 மாணவர் இழந்த பதினாறு பக்கங்களை நாம் நினைத்துக்கொண்டோம்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் "இங்கே இலவசமாகக் கிடைக்கிறது" என்று கோப்பு அனுப்பினால், அது அவர் நாட்டிற்கான விடை என்று கொள்க. நம் நாட்டிற்கான விடையை நாமே காணல் வேண்டும். அதுபோலவே, "இந்நூல் உங்கள் பகுதியில் கிடைப்பதில்லை" என்று இணையக் கடை காட்டினால் நூலே கிடையாது என்று முடிவுகட்டிவிடலாகாது. ஆங்கில நூல்களின் உரிமையை நிலப்பகுதி வாரியாக வெவ்வேறு பதிப்பகங்களுக்கு விற்பர். மின்னூல் கிடைக்காத இடத்தில், "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்ற குறிப்போடு வேறொரு பதிப்பகத்தின் மலிவான அச்சுப் பதிப்பு இருப்பதுண்டு.

இரண்டாம் வினாவாகிய "உரியவர் எவர், விற்பனையில் உள்ளதா" என்பதற்கு விடை, நூலின் முதல் தாளின் பின்புறத்திலேயே இருக்கும். அங்கே உரிமையாளர் பெயர், பதிப்பாண்டு, பதிப்பகத்தின் முகவரி, ஐ.எஸ்.பி.என். எண் ஆகியவை காணப்படும். அவ்வெண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கினால் இந்தியப் பதிப்பு. 978-955 அல்லது 978-624 என்றால் இலங்கைப் பதிப்பு. திருட்டுக் கோப்புகளில் பெரும்பாலும் இப்பக்கந்தான் முதலில் காணாமற் போயிருக்கும். அப்பக்கம் இல்லாத கோப்பு கைக்கு வருமாயின் ஐயுறுதல் வேண்டும். பக்க எண்களை எண்ணிப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிடுதலும் வேண்டும். நாம் அன்று அதிகார அட்டவணையை ஒருமுறை பார்த்திருந்தாலே கடைசி அதிகாரம் இல்லையென்பது தெரிந்திருக்கும்.

பதிப்பகம் தெரிந்தபின் அவர்களுக்கே தொலைபேசியில் பேசுதல் நலம். கடையில் இல்லாத நூல் பதிப்பகக் கிடங்கில் இருப்பதும், மறுபதிப்பு அச்சில் இருப்பதும் அடிக்கடி நிகழ்பவை. பத்துப் பன்னிரண்டு படிகள் வேண்டுமென்றால் மாணவர்க்குக் கழிவும் தருவார்கள். பதிப்பகம் மூடப்பட்டிருந்தால், முன்னுரையின் அடியில் ஆசிரியர் தம் ஊரையும் தேதியையும் குறித்திருப்பார். அந்த ஊரில் விசாரித்தால் ஆசிரியரையோ அவர்தம் மக்களையோ கண்டறிய முடியும். நம் எழுத்தாளரின் முன்னுரையிலும் ஊர்ப்பெயர் இருந்தது. நம்மிடமிருந்த கோப்பிலோ முன்னுரையே இல்லை.

இனி மூன்றாம் வினா. எங்கும் விற்பனையில் இல்லை என்று உறுதியானால் என் செய்வது? இங்கேதான் தேடலின் பயன் முழுமையாகப் புலப்படும். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலொன்றை, வணிக நோக்கமற்ற பொது நூலகத்தின் பொறுப்பாளர் தம் நூலகப் பயன்பாட்டிற்காக மூன்று படிகளுக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடந்தருகிறது. "விலைக்குக் கிடைக்காத" என்பதே அதன் நிபந்தனை. எனவே தேடாமல் எடுத்த படியும் தேடியபின் எடுத்த படியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பழைய நூல்களைப் பார்வையிட, நாட்டின் வைப்பு நூலகங்களுள் ஒன்றாகிய சென்னைக் கன்னிமாரா நூலகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பெரிதும் உதவும். ஆய்வு மாணவர்கள் இரண்டு நாள் ஒதுக்கிச் சென்றுவருவது தக்கது.

ஆசிரியர் வகுப்பில் கற்பிக்கும்பொருட்டுப் பகுதிகளைப் படியெடுக்கவும் அதே பிரிவு இடங்கொடுக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஜெராக்ஸ் கடையொன்றின்மீது பெரும் பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் பாடத்திற்கெனத் தொகுக்கப்பட்ட படிகள் உரிமை மீறலாகா என்று கூறியது. இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் நீங்கள் 48 படி எடுத்ததும் சரிதானே?" என்றார். கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே என்பதுதான் அத்தீர்ப்பின் அளவுகோல். பல நூல்களிலிருந்து ஓரிரு அதிகாரங்களைத் தொகுப்பது வேறு. விற்பனைக்குரிய படிகள் ஆசிரியரின் திண்ணையில் கட்டுக் கட்டாய்க் கிடக்க, முழுப் புதினத்தையும் அட்டையிட்டு வழங்குவது வேறு. அதற்கு அத்தீர்ப்பைத் துணைக்கழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

நூலகத்திலும் இல்லை, பகுதிகள் மட்டும் போதா என்னும் நிலையில் உரியவரிடம் கடிதம் எழுதிக் கேட்பதே எஞ்சிய வழி. அரைப்பக்கக் கடிதம் போதும். எந்த நூல், எத்தனை படி, எந்த வகுப்பு, எந்த ஆண்டு, விற்பனை இல்லை என்னும் உறுதி ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். இவ்வாறு நாம் எழுதிய கடிதங்கள் ஐந்து. மூவர் இசைந்தனர், அவருள் ஒருவர் திருத்திய கையெழுத்துப்படியையே அனுப்பிவைத்தார். ஒருவர் மறுத்துவிட்டார். ஒன்றிற்கு விடையே வரவில்லை. மறுப்பு வந்த நூலையும் விடை வாராத நூலையும் அவ்வாண்டுப் பட்டியலிலிருந்து நீக்கி, வேறு நூல்களை வைத்தோம். தேடினால் எல்லா நூலும் கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. கிடைக்காதவை எவை என்பதும் தேடியபின்னரே தெரியும்.

அந்த விழா நடந்த மறுவாரம் நாமும் மாணவர் நால்வரும் பேருந்தில் சென்று எழுத்தாளரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். கட்டுகளைப் பிரித்து 50 படிகளை எண்ணி எடுத்தோம். விலை, அட்டையில் அச்சிட்டிருந்த நாற்பது ரூபாய். நாம் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்ததோ படிக்கு எழுபது ரூபாய். இதனை அவரிடம் சொல்ல நாணினோம். மாணவர் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் சிரித்து, ஆளுக்கொரு குவளை தேநீர் வரவழைத்தார்.

படித்து முடித்த மாணவர்களுக்கும் ஆளுக்கொரு படி அனுப்பிவைத்தோம். விழாவில் வினவிய மாணவி, கடைசி அதிகாரத்தைப் படித்துவிட்டு நமக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, அவன் திரும்பி வந்துவிட்டான்." நாம் வழங்கிய மதிப்பெண்களைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது. ஆனால் துறையின் பாடநூற் பட்டியலில் ஒவ்வொரு நூலின் எதிரிலும் 'கிடைக்குமிடம்' என்றொரு கட்டம் அவ்வாண்டு முதல் இடம்பெற்று வருகிறது. அக்கட்டம் நிரம்பாத நூல் மாணவர் கைக்குச் செல்வதில்லை.